பெருக்கிப் பார்த்தால் சரியாக வரும், ஆனாலும் தவறு: ஜெர்மன் இன்வாய்ஸ் படிக்கும்போது

ஜெர்மனியிலிருந்து வரும் ஒரு சாயப்பட்டறை ரசாயன இன்வாய்ஸில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: அளவு 1.250 கிலோ, விலை கிலோவுக்கு 2,375 யூரோ, மொத்தம் 2.968,75 யூரோ.

அங்கே புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கிறது, கமா தசமத்தைக் காட்டுகிறது. ஆக, சரக்கு ஆயிரத்து இருநூற்று ஐம்பது கிலோ. கிலோ விலை இரண்டே கால் யூரோவுக்குக் கொஞ்சம் மேல். நம் பழக்கத்தில் படித்தால் ஒன்றேகால் கிலோ, கிலோ விலை இரண்டாயிரத்து முந்நூற்று எழுபத்தைந்து யூரோ என்று ஆகிவிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இதே மாதிரி ஒரு வரியைத் தப்பாகப் பதிந்தேன். பதிந்த பிறகு பெருக்கியும் பார்த்தேன். 1.25 × 2375 = 2968.75. மொத்தத்தோடு பைசா பிசகாமல் பொருந்தியது. சரியாகப் படித்து 1250 × 2.375 என்று பெருக்கினாலும் அதே 2968.75தான். அளவு ஆயிரம் மடங்கு குறைந்தது, விலை ஆயிரம் மடங்கு கூடியது, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. பணம் சரியாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. குடோனில் சரக்கை இறக்கியபோதுதான் ஸ்டாக் கணக்கு உதைத்தது.

அதனால் பெருக்கலை மட்டும் நம்பாதீர்கள். பேக்கிங் லிஸ்ட்டில் டிரம் எண்ணிக்கையைப் பாருங்கள். 50 டிரம், டிரம்முக்கு 25 கிலோ என்று இருந்தால் அந்த எண்களில் புள்ளியும் இல்லை, கமாவும் இல்லை. குழப்பத்துக்கே இடமில்லாமல் 1250 கிலோ. பில் ஆஃப் என்ட்ரிக்கு அளவு கொடுப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும். போன பிறகு திருத்துவதென்றால் சுங்கத்துறையிடம் மனு, விளக்கம் என்று இழுக்கும்.

அடுத்த தவறு, மொழியை வைத்து முடிவு செய்வது. சுவிட்சர்லாந்திலிருந்து ஜெர்மன் மொழியில் வரும் இன்வாய்ஸில் பெரும்பாலும் 2'968.75 என்றுதான் இருக்கும். அங்கே புள்ளிதான் தசமம். பிரெஞ்சு இன்வாய்ஸில் ஆயிரத்துக்கு வெறும் இடைவெளி விட்டு 2 968,75 என்று போடுவார்கள். ஜெர்மன் கம்பெனியே ஆங்கில இன்வாய்ஸில் 2,968.75 என்றும், கூட வரும் பேக்கிங் லிஸ்ட்டில் 1.250 என்றும் அச்சடிப்பதுண்டு. எனவே ஒவ்வொரு தாளிலும் இரண்டு குறியும் சேர்ந்து வரும் ஓர் எண்ணைத் தேடுங்கள். அதில் கடைசியாக வரும் குறிதான் தசமம். நம் வரியில் அந்த வேலையைச் செய்வது 2.968,75. ஒரே குறியும் அதற்குப் பின் மூன்று இலக்கமும் உள்ள எண்ணைத் தனியாக வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

அப்புறம் எக்செல். எண்களை மேற்கோள் குறிக்குள் வைத்து, பத்திகளைக் கமாவால் பிரித்த CSV கோப்பைச் சப்ளையர் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரட்டைக் கிளிக் செய்து திறப்போம். இந்திய அமைப்பில் உள்ள எக்செல் 1.250ஐ 1.25 ஆகவும், 2,375ஐ 2375 ஆகவும் கேட்காமலேயே மாற்றிவிடும். 2.968,75 மட்டும் புரியாமல் எழுத்தாகவே இடப்பக்கம் ஒட்டி நிற்கும். SUM போட்டால் அந்த எழுத்தைச் சேர்க்காமல் விட்டுவிடும், பிழை என்றும் சொல்லாது. எண் பத்தியில் சில மட்டும் இடப்பக்கம் நின்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

திறந்த பிறகு சரிசெய்யப் பார்ப்பது இன்னும் கெடுதல். 1.250 ஏற்கெனவே 1.25 ஆகிவிட்டது, கடைசிப் பூஜ்யம் போய்விட்டது. இப்போது புள்ளியை நீக்கினால் 125தான் கிடைக்கும். எனவே Data பட்டியில் From Text/CSV வழியாகத் திறந்து, Do not detect data types என்பதைத் தேர்ந்தெடுங்கள். எல்லாம் எழுத்தாகவே வரும். பிறகு பக்கத்துப் பத்தியில் இந்தச் சூத்திரம்:

```
=NUMBERVALUE(B2,",",".")
```

முதல் குறி தசமம், இரண்டாவது ஆயிரம். மூலப் பத்தியை அழிக்காமல் அப்படியே வைத்திருங்கள். Find & Replace பயன்படுத்தினால், எழுத்து வடிவப் பத்தியில், முதலில் புள்ளிகளை நீக்கிவிட்டு அதன் பிறகே கமாவைப் புள்ளியாக்க வேண்டும். வரிசை மாறினால் 2.968,75 முதலில் 2.968.75 ஆகி, பிறகு 296875 ஆகிவிடும்.

ரூபாய்க்கு மாற்றுவது கடைசி வேலை. யூரோ தொகையை எண்ணாக உறுதி செய்த பிறகே மாற்று விகிதத்தால் பெருக்குங்கள். யூரோ 90 ரூபாய் என்று வைத்தால் 2968.75 × 90 = 2,67,187.50. இங்கே கமா லட்சத்தையும் ஆயிரத்தையும் பிரிக்கிறது; ரூபாய்ப் பத்தியில் மட்டும் அது இருக்கட்டும். பக்கத்தில் யூரோ பத்தியில் 2968.75 என்று எந்தப் பிரிப்பும் இல்லாமல் எழுதினால், அடுத்து அந்தத் தாளை எடுப்பவர் எந்த நாட்டுப் பழக்கத்தில் படிப்பது என்று யோசிக்க வேண்டியிருக்காது.