எல்லையோர நிலத்துக்குப் பத்திரப்பதிவு: விளவங்கோடு பக்கம் வாங்குகிறவர்களுக்கு

2016இல் குமரி மாவட்டம், கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோடு தாலுகாவில் ஒரு துண்டு புரையிடம் வாங்கினேன். பத்திரம் பதிந்து கையில் வந்துவிட்டது. பட்டா மாற ஒன்றரை வருடம் ஆனது. தப்பு முழுக்க என்னுடையது. போன வருடம் தங்கைக்காக இன்னொரு 8 சென்ட் வாங்கியபோது அந்தத் தப்பைச் செய்யவில்லை, பட்டா அலையாமல் வந்தது. அந்த இரண்டாவது அனுபவத்தை வைத்து எழுதுகிறேன்.

விலை பேசுவது, அட்வான்ஸ் கொடுப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக ஆவணங்களுக்கு வருகிறேன்.

1. முன்னாதாரத்தைக் கையில் வாங்குங்கள்

முன்னாதாரம் என்பது விற்கிறவருக்கு இடம் வந்த பழைய பத்திரம். அவரிடம் ஜெராக்ஸ் வாங்கிப் படிப்பது முதல் வேலை, அசலைக் கண்ணால் பார்ப்பது இரண்டாவது வேலை. பதிவு நாளில் அசல் முன்னாதாரம் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். வங்கியில் அடமானமாக இருந்தால் கடன் தீர்ந்த ரசீதும் பதிவுக்கு முன்பே வர வேண்டும்.

நம் ஊரில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. அதனால் தாத்தா காலத்து ஆதாரங்கள் மலையாளத்தில், கொல்லம் ஆண்டுக் கணக்கில் இருக்கும். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணியிலிருந்து டிசம்பர் வரை என்றால் 824ஐயும், ஜனவரிக்குப் பிறகு என்றால் 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். தங்கை வாங்கிய இடத்தின் மூல ஆதாரம் 1118 மேடம் என்றிருந்தது. மேடம் என்பது நம் சித்திரை, ஆகவே 1943.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் காகிதங்களில் ‘நிலம்’ என்றால் பொதுவாக மண் என்று பொருள் இல்லை, நெல் விளையும் நஞ்சை என்று பொருள். வீடும் தென்னையும் இருக்கிற மேட்டு இடம்தான் ‘புரையிடம்’. ‘நிலம்’ என்று எழுதியிருந்தால், கிராம நிலக் கணக்கான இன்றைய அ-பதிவேட்டில் அது நஞ்சையா புஞ்சையா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். மலையாளம் படிக்கத் தெரியாவிட்டால் பழைய ஆள் ஒருவரைப் பிடித்து வரி வரியாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். பேப்பரைப் புரட்டிவிட்டு “சரியாத்தான் இருக்கு” என்று சொல்லும் ஆள் வேண்டாம்.

2. சர்வே எண்: நான் விழுந்த குழி

மூல ஆதாரத்தில் ஒரு சர்வே எண் இருக்கும். பட்டாவில் வேறு எண் இருக்கும். இரண்டும் ஒரே இடம்தான். நடுவில் மறுஅளவை நடந்து எண்கள் மாறிவிட்டன, முன்னாதாரம் எழுதியவர்கள் பழைய எண்ணையே தூக்கிவந்து எழுதிவிட்டார்கள். 2016இல் என் பத்திரத்தின் சொத்து விவரத்திலும் பழைய எண்தான் போனது. முன்னாதாரத்தைப் பார்த்து அப்படியே எழுதச் சொன்னவன் நான். தாலுகா அலுவலகத்தில் “இந்த எண் எங்கள் கணக்கில் இல்லையே” என்றார்கள். விற்றவர் அப்போது துபாயில். அவர் லீவில் வந்து பிழைத்திருத்தல் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பட்டா நகர்ந்தது.

இந்த முறை செய்தது இதுதான். eservices.tn.gov.in தளத்தில் மாவட்டம், தாலுகா, கிராமம், எண் கொடுத்து பட்டாவையும் அ-பதிவேட்டு விவரத்தையும் எடுத்தேன். அ-பதிவேட்டில் பழைய சர்வே எண்ணுக்கு ஒரு கட்டம் உண்டு. அதில் இருக்கும் எண் முன்னாதாரத்தின் எண்ணோடு பொருந்துகிறதா என்று பார்த்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பொருந்தாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடமும் தாலுகா நில அளவைப் பிரிவிலும் கேட்டுத் தெளிந்துவிட்டு அப்புறம் பணத்தைப் பற்றிப் பேசுங்கள். புலப்படத்தையும் எடுத்து, நாலு எல்லையையும் இடத்தில் நின்று பார்த்துவிடுங்கள்.

வில்லங்கச் சான்றிலும் இதே குழி இருக்கிறது. tnreginet.gov.in தளத்தில் வில்லங்கம் பார்க்கும்போது புதிய எண்ணை மட்டும் கொடுத்தால், பழைய எண்ணில் பதிந்த அடமானமோ பாகப்பிரிவினையோ வராமல் போகலாம். நீங்கள் ‘வில்லங்கம் இல்லை’ என்று நினைத்துக்கொள்வீர்கள். இரண்டு எண்ணிலும் தனித்தனியாகத் தேடுங்கள். குறைந்தது 30 வருடம்.

சொத்து விவரத்தில் இரண்டு எண்களையும் எழுதினேன்: பழைய சர்வே எண் இன்னது, அதற்குரிய மறுஅளவை எண்ணும் உட்பிரிவும் இன்னது. பரப்பையும் அப்படியே. நாம் சென்ட் என்போம், பட்டா ஏர் என்று பேசும். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர், ஒரு ஏர் 100 சதுர மீட்டர், ஆகவே 8 சென்ட் 3.24 ஏர். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவர வேண்டும்.

3. பத்திரம் எழுதுவது

எழுதுவதற்குப் பத்திர எழுத்தரோ வழக்கறிஞரோ, உங்கள் விருப்பம். நான் எழுத்தரிடம் போனேன், தளத்தில் விவரம் ஏற்றும் வேலையில் அவர்களுக்குக் கை பழகியிருக்கும். ஆனால் சொத்து விவரத்தை நானே தட்டச்சு செய்து கொடுத்தேன். அந்த ஒரு பக்கத்தை யாரிடமும் விடாதீர்கள்.

பெயர் விஷயத்தையும் பாருங்கள். இங்கே பழைய ஆதாரங்களில் வீட்டுப்பேரோடு நீளமாக எழுதியிருப்பார்கள், ஆதாரில் ஓர் எழுத்து இனிஷியலோடு நின்றுவிடும். இரண்டும் ஒருவரே என்பது தெரிய ‘என்கிற’ போட்டு இரண்டு பெயரையும் எழுதச் சொல்லுங்கள். பட்டா இறந்துபோன அப்பா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றும், வாரிசுகள் எல்லோருடைய கையெழுத்தும் வேண்டும். ‘தங்கச்சி ஒன்றும் சொல்ல மாட்டாள்’ என்பது சான்று ஆகாது.

பெரிய இடத்திலிருந்து வெட்டி எடுத்த மனையாக இருந்தால் அனுமதி பெற்ற மனையா என்று கேளுங்கள். அனுமதி இல்லாத மனை 2016 அக்டோபர் 20க்கு முன்பே மனையாகப் பதிவாகியிருந்தால்தான் மறுபடி பதிய முடியும். எங்கள் 8 சென்ட் பல வருடமாகத் தனி ஆதாரத்தோடு இருந்ததால் பிரச்சினை வரவில்லை.

4. பணக் கணக்கு

தங்கை பேசிய விலை 16 லட்சம். அந்தத் தெருவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்புப்படி 14 லட்சம்தான் வந்தது. இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம் 1,12,000 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் 32,000 ரூபாய். மொத்தம் 1,44,000, கூடவே சில சில்லறைக் கட்டணங்கள். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சத்துக்குள் உள்ள சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறையும். தங்கைக்கு அது பொருந்தவில்லை.

வழிகாட்டி மதிப்பு உண்மை விலையைவிட அதிகம் என்று நினைத்தால் குறைந்த மதிப்பில் பதியக் கேட்கலாம். ஆனால் பத்திரம் 47-ஏ பிரிவின்கீழ் முத்திரைத் தனித்துணை ஆட்சியருக்குப் போகும், தீரும்வரை நிலுவையில் நிற்கும். வித்தியாசம் சிறியதென்றால் கட்டிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

விலை ஒரு குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் இரு தரப்புக்கும் பான் எண் வேண்டும். 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குகிறவர் ஒரு சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். விலையை வங்கி வழியாகவே கொடுங்கள். விற்கிறவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் அனுமதிக்கவில்லை. எந்த நாளில், எந்த வழியில், எவ்வளவு என்பதைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். தீர்வையையும் கட்டணத்தையும் உங்கள் கணக்கிலிருந்தே ஆன்லைனில் கட்டுங்கள், எழுத்தர் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். ரசீது உங்களிடம் இருக்கும்.

5. பதிவு நாள்

கட்டணம் கட்டிய பிறகு டோக்கன் நேரம் கிடைக்கும். எழுதிக் கொடுப்பவர், வாங்குபவர், இரண்டு சாட்சிகள், எல்லோரும் அசல் அடையாள அட்டையோடு வர வேண்டும். வாங்குகிறவரும் விற்கிறவரும் சாட்சியாக முடியாது. விற்கிறவரை நேரில் தெரிந்தவர்களைச் சாட்சியாகக் கூப்பிடுங்கள். எழுத்தர் கடை வாசலில் நிற்கும் ஆளைப் பிடித்து கையெழுத்து வாங்குவது இங்கே வழக்கம்தான், எனக்குப் பிடிக்காது. நாளைக்கு வழக்கு வந்தால் அந்த ஆளை எங்கே தேடுவது?

இடத்தின் புகைப்படமும் பத்திரத்தோடு போகும், ஆயத்தொலைவு பதியும் செயலியில் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே கேமராவில் படமும் பெருவிரல் ரேகையும் எடுப்பார்கள். சார்பதிவாளர் விற்கிறவரிடம், எழுதிக் கொடுத்தது நீங்கள்தானா, பணம் வந்ததா என்று கேட்பார். வயதானவர் என்றால் முந்தின நாளே இதைச் சொல்லி வையுங்கள். தங்கைக்கு விற்ற பெரியவர், “பணம் என் மகன் கணக்குக்குப் போச்சு” என்று ஆரம்பித்துவிட்டார். பத்திரத்தில் அப்படி எழுதியிருந்ததால் தப்பித்தோம்.

கையெழுத்திட்ட நாளிலிருந்து நாலு மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு அபராதத்தோடு இன்னும் நாலு மாதம்தான் வழி.

6. அதற்கப்புறம்

எல்லாம் சரியாக இருந்தால் ஸ்கேன் செய்து ஆவண எண்ணோடு அசலைத் திருப்பிக் கொடுப்பார்கள். ஒரு வாரம் கழித்து வில்லங்கத்தை மறுபடி பாருங்கள், உங்கள் பதிவு புதிய எண்ணில் வந்திருக்க வேண்டும்.

உட்பிரிவு முழுதாகக் கைமாறி, விற்றவர் பெயரிலேயே பட்டாவும் இருந்தால், பட்டா மாற்றம் தானாக நடக்கும். ஒரு பகுதியை மட்டும் வாங்கினால் நில அளவர் வந்து அளந்து உட்பிரிவு செய்ய வேண்டும். அன்றைக்கு நீங்களும் பக்கத்து நிலக்காரரும் இடத்தில் இருங்கள். பட்டா வந்ததும் பெயர், எண், ஏர் மூன்றையும் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். வீட்டு வரியைப் பெயர் மாற்றுவதையும் மறந்துவிடாதீர்கள்.

பின்சேர்க்கை (கருத்துகளைப் பார்த்து எழுதியது)

விற்கிறவர் வளைகுடாவில் இருக்கிறார், பவர் போதுமா என்று பலர் கேட்டார்கள். போதும். அங்கே நோட்டரி அல்லது இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்ட பவராக இருக்க வேண்டும், இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். திருவனந்தபுரத்தில் குடியிருப்பவர் என்றால், அவர் பகுதிக்குரிய சார்பதிவாளர் முன்னால் பவர் எழுதிக் கொடுக்கட்டும். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்குப் புதிய சான்றையும் கேட்பார்கள்.

களியக்காவிளை தாண்டி பாறசாலை பக்கம் வாங்குகிறவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. கேரளத்தில் முத்திரை 8, பதிவு 2, மொத்தம் 10 சதவீதம். பட்டா மாற்றத்துக்குப் பதில் வில்லேஜ் ஆபீசில் போக்குவரவு செய்து, வரி கட்டிய ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்.