கறை படிந்த கைகள்: எழுதத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசியல் அறவியல் கற்பிப்பவர்களிடம் ஆண்டுதோறும் வந்து சேரும் மாணவர் கட்டுரைகளில் ‘கறை படிந்த கைகள்’ என்ற தலைப்பு தவறாமல் இடம்பெறும். பெரியதொரு நன்மைக்காகத் தலைவர் ஒருவர் தெரிந்தே தவறு செய்கிறார். அந்த நிலையில் அதுவே எடுக்க வேண்டிய முடிவு. ஆனாலும் அது தவறாகவே நிற்கிறது. 1973இல் அமெரிக்க அரசியல் தத்துவ அறிஞர் மைக்கேல் வால்சர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்த விவாதம் பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் நடக்கிறது. முரண்பாடு போலத் தோன்றும் இந்த மூன்றாவது பகுதியைக் கைவிட்டுவிட்டால் பிறகு எழுதுவதற்கே ஒன்றும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆகவே அதை மறுபடி விளக்காமல், கவனமாக எழுதுபவர்களும் வழுக்கி விழும் இடங்களை மட்டும் பார்ப்போம்.

கடினமான முடிவுகள் அனைத்தையும் இதில் சேர்ப்பது

ஒரு மாவட்டத்துக்கு மருத்துவமனை தந்தால் இன்னொரு மாவட்டத்துக்குத் தர முடியாது என்ற நிலையில் அமைச்சர் எடுக்கும் முடிவு வேதனையானதாக இருக்கலாம். ஆனால் அவர் கையில் கறை இல்லை. கறை என்று சொல்ல வேண்டுமானால், “எனக்கு நீ அநீதி செய்தாய்” என்று நியாயமாகச் சொல்லக்கூடிய ஒருவர் எதிரே நிற்க வேண்டும். ஏமாற்றப்பட்டவர், காட்டிக்கொடுக்கப்பட்டவர், குற்றமின்றிப் பலியிடப்பட்டவர் என அவரை அடையாளம் காட்ட முடியாவிட்டால் எடுத்துக்காட்டை மாற்றிவிடுவதே நல்லது.

வெடிகுண்டு வைத்தவனைச் சித்திரவதை செய்யலாமா என்ற உதாரணத்தையே எழுதுவது

வேண்டாம்.

எஞ்சி நிற்பதைத் தலைவரின் மனவேதனையாகச் சுருக்குவது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இது. தலைவர் இரவெல்லாம் தூங்கவில்லை, தனிமையில் அழுதார், வாழ்நாள் முழுவதும் அந்தச் சுமையைத் தூக்கித் திரிந்தார் என்று உருக்கமாக எழுதிவிட்டு, முடிவு சரியாக இருந்தும் தீராமல் எஞ்சும் தவறு, அதாவது அறத்தின் எச்சம், அதுதான் என்று முடித்துவிடுகிறார்கள். வேதனை ஓர் அறிகுறி மட்டுமே. எஞ்சி நிற்பது கடன். கடன் என்றால் கொடுக்க வேண்டியவர் மட்டுமல்லாமல் பெற வேண்டியவரும் இருக்கிறார். கடனாளி எவ்வளவு மனம் நொந்தார் என்பதை விரிவாகக் கேட்பவர்கள் பெற வேண்டியவரின் பெயரைக்கூடக் கேட்பதில்லை.

சோவியத் யூனியன் கியூபாவில் அணு ஏவுகணைகளை நிறுத்தியதால் 1962 அக்டோபரில் எழுந்த கியூபா ஏவுகணை நெருக்கடியை எடுத்துக்கொள்வோம். அக்டோபர் 27 மாலை அமெரிக்க அதிபர் கென்னடியின் தம்பி ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் டோப்ரினினைத் தனியே சந்தித்து, துருக்கியில் அமெரிக்கா நிறுத்தியிருந்த ஜூபிட்டர் ஏவுகணைகள் நான்கைந்து மாதங்களில் அகற்றப்படும் என்று உறுதியளித்தார். இது வெளியே தெரியக் கூடாது என்பதும் அந்த உறுதியின் ஒரு பகுதி. மறுநாள் சோவியத் தலைவர் குருஷ்சேவ் கியூபாவிலிருந்து ஏவுகணைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சில நாட்களில் இந்த ஏற்பாட்டைக் குறிப்பிட்டு அவரிடமிருந்து வந்த கடிதத்தையும், எழுத்தில் எதுவும் இருக்கக் கூடாது என்று சொல்லி ராபர்ட் கென்னடி தூதரிடமே திருப்பிக் கொடுத்தார். குருஷ்சேவின் அறிவிப்பு வந்த அதே 28ஆம் தேதி முன்னாள் அதிபர் ஐசன்ஹோவரிடம் தொலைபேசியில் பேசிய அதிபர் கென்னடி, துருக்கி பற்றிய பேரம் எதற்கும் தாம் இணங்கவில்லை என்ற எண்ணத்தையே அவருக்கு ஏற்படுத்தினார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாராவும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசின் குழு முன் பேரம் எதுவும் இல்லை என்றே சொன்னார்.

இந்தப் பொய்யை நியாயப்படுத்த முடியும். அணு ஆயுதப் போரைத் தவிர்க்க அந்த ஏற்பாடு தேவைப்பட்டது. அது வெளிப்பட்டிருந்தால், நெருக்கடி வந்ததும் அமெரிக்கா தங்களை விற்றுவிடும் என்று நேட்டோ நாடுகள் எண்ணியிருக்கும். இதுவரை பெரும்பாலான கட்டுரைகள் சரியாகவே வருகின்றன. பிறகு கென்னடியின் களைத்த முகம் வந்துவிடுகிறது.

ஆனால் பார்க்க வேண்டிய மனிதர் வேறொருவர். ஐ.நா. சபையில் அமெரிக்கத் தூதராக இருந்த அட்லாய் ஸ்டீவன்சன், நெருக்கடியின் முதல் வாரத்திலேயே துருக்கி ஏவுகணைகளை விட்டுக்கொடுப்பது பற்றிப் பேசலாம் என்று ஆலோசனைக் கூட்டத்தில் சொல்லிக் கடும் எதிர்ப்பைச் சந்தித்தவர். அந்த டிசம்பரில் வெளிவந்த ஒரு பத்திரிகைக் கட்டுரை, பெயர் குறிப்பிடாத அதிகாரி ஒருவரை மேற்கோள் காட்டி, ஸ்டீவன்சன் ஒரு மியூனிக்கை விரும்பினார் என்று எழுதியது. ஹிட்லருக்குப் பணிந்துபோன 1938 உடன்பாட்டோடு ஒருவரை இணைத்துப் பேசுவது அன்றைய அமெரிக்காவில் அவரைக் கோழை என்று அழைப்பதற்குச் சமம். கட்டுரையை எழுதிய இருவரில் ஒருவர் கென்னடியின் நெருங்கிய நண்பர். ஸ்டீவன்சன் சொன்னதைத்தான் தாமே ரகசியமாகச் செய்தார் என்பதை அதிபர் வெளியே சொல்லவில்லை. ஸ்டீவன்சன் 1965இல் இறந்தார். ராபர்ட் கென்னடியின் நினைவுக் குறிப்புகளைப் பதிப்பித்தபோது அந்த ரகசிய உறுதிமொழி பற்றி அதில் வெளிப்படையாக எழுதப்பட்டிருந்ததைத் தாமே நீக்கியதாக, அதிபரின் உரையாசிரியராக இருந்த சோரன்சன் 1989இல் மாஸ்கோவில் நடந்த கருத்தரங்கில்தான் ஒப்புக்கொண்டார்.

இங்கே எஞ்சி நிற்பது என்ன என்று கேட்டால் பதில் துல்லியமாக இருக்க வேண்டும். பொய் கேட்ட மக்களுக்கும் காங்கிரசுக்கும் கொடுக்க வேண்டிய கடன் உண்மை. அதை ஆபத்து நீங்கிய பிறகு, தாமதமாகவேனும் கொடுக்கலாம். ஸ்டீவன்சனுக்குக் கொடுக்க வேண்டிய கடன் அவருடைய நற்பெயர். அவர் உயிரோடு இருக்கும்போதே அதைக் கொடுத்தாக வேண்டும். ரகசியத்தை உடைக்காமலேயே அந்தப் பழியைத் தடுத்திருக்க முடியுமா என்பதுதான் இந்த வழக்கின் உண்மையான கேள்வி. பேரத்தை மறைப்பதற்கான நியாயம், பேரம் பேசச் சொன்னவரை இழிவுபடுத்துவதற்கும் பொருந்தும் என்று யாரும் காட்டியதில்லை. கென்னடி எவ்வளவு வருந்தினார் என்பது இந்தக் கணக்கில் வரவே வராது. அவர் துளியும் வருந்தாதிருந்தாலும் கடன் அப்படியே இருக்கும். மிகவும் வருந்தியிருந்தாலும் குறையாது.

நெருக்கடியைப் பற்றி நன்றாக எழுதப்பட்ட, நீண்ட மாணவர் கட்டுரை ஒன்றில் ஸ்டீவன்சனின் பெயர் ஒரு முறைகூட வரவில்லை. ‘தலைவர் பெரும் விலை கொடுத்தார்’ என்ற வரியின் ஓரத்தில் “யாருக்கு?” என்று மட்டும் எழுதித் திருப்பினேன். மாணவர் வந்து, “வரலாற்றுக்கு” என்றார்.

கட்சி லாபத்தையும் நாட்டு நன்மையையும் ஒரே மூட்டையில் கட்டுவது

மேலே சொன்ன வழக்கிலேயே இது இருக்கிறது. 1962 நவம்பர் 6இல் காங்கிரஸ் தேர்தல் வரவிருந்தது. ரகசியம் நேட்டோவைக் காத்தது, ஆளுங்கட்சியையும் காத்தது. இரண்டாவது பயன் இருந்ததாலேயே முதலாவது பொய்யாகிவிடாது. ஆனால் ஜூபிட்டர் ஏவுகணைகள் 1963 ஏப்ரலில் அகற்றப்பட்ட பிறகும் மறைத்து வைத்ததில் எந்தப் பங்கு எதற்குரியது என்பதைப் பிரித்துச் சொல்லாமல் ‘பொதுநலன்’ என்று ஒரே சொல்லால் மூடிவிடுவது சோம்பல்.

முன்கூட்டியே சட்டமாக்கிவிடலாம் என்று முடிப்பது

தவிர்க்க முடியாத தவறு என்றால் அதற்குச் சட்டத்திலேயே அனுமதி எழுதிவிடலாமே என்று புத்திசாலித்தனமாக முடிப்பவர்கள் பலர். இஸ்ரேலின் உச்ச நீதிமன்றம் 1999இல் விசாரணை அதிகாரிகளின் வன்முறை பற்றித் தந்த தீர்ப்பை அவர்கள் படிக்க வேண்டும். உடல்ரீதியான முறைகளைக் கையாள அதிகாரிகளுக்கு முன்கூட்டிய அதிகாரம் இல்லை என்று அது சொன்னது. அதே நேரத்தில், தவிர்க்க முடியாத நெருக்கடியில் அப்படிச் செய்ததாகப் பிற்பாடு குற்ற வழக்கில் ஓர் அதிகாரி வாதாட இடமுண்டு என்றும் விட்டுவைத்தது. இந்த இரண்டாவது பகுதி நடைமுறையில் கதவைத் திறந்துவிட்டது என்று கண்டிப்பவர்கள் உண்டு. அவர்களின் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆயினும் இரண்டு வழிகளுக்கும் உள்ள வேறுபாடு பெரியது. முன்னனுமதி பெற்றவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பிற்பாடு வாதாடுபவர் குற்றவாளிக் கூண்டில் நின்று, என்ன செய்தார், யாருக்குச் செய்தார் என்பதை முதலில் ஒப்புக்கொண்ட பிறகுதான் தம் காரணத்தைச் சொல்ல முடியும்.