கார் லோன் முடிந்த பிறகும் ஆர்.சி.யில் வங்கி பெயர் இருக்கிறதா? ஊருக்குப் போகும் முன்பே தொடங்குங்கள்

வெளிநாட்டில் இருந்துகொண்டு தமிழ்நாட்டில் அப்பா அம்மாவுக்காக லோனில் கார் எடுத்தவர்கள் நம்மில் நிறைய பேர். கடைசி இ.எம்.ஐ. போனதும் கணக்கு முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். ஆனால் வங்கியில் லோன் முடிந்தாலும் ஆர்.டி.ஓ. பதிவேட்டில் வங்கியின் பெயர் அப்படியேதான் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 51-ஆவது பிரிவின்படி அந்தப் பதிவு இருக்கும்வரை வங்கி எழுத்தில் சம்மதம் தராமல் வண்டியை வேறு ஒருவர் பெயருக்கு மாற்ற முடியாது. விற்கப் பேசி முடித்து முன்பணமும் வாங்கிய பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

ஊரில் இருக்கப் போவது மூன்று வாரம் என்றால், அதில் பாதி வங்கியிலேயே கழிந்துவிடக் கூடாது. அதனால் வங்கி வேலையை இங்கிருந்தே தொடங்குங்கள். லோன் கொடுத்த கிளைக்கு மின்னஞ்சல் அனுப்பி இரண்டு தாள்கள் கேளுங்கள்: வங்கி பெயரை நீக்க ஆட்சேபம் இல்லை என்று ஆர்.டி.ஓ.வுக்கு எழுதிய என்.ஓ.சி., கடன் ஒப்பந்தம் முடிந்ததைத் தெரிவிக்கும் ஃபார்ம் 35 வங்கி கையெழுத்தும் முத்திரையும் போட்டு இரண்டு பிரதி. 'பாக்கி இல்லை' என்ற சான்றிதழை மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அது ஆர்.டி.ஓ. ஆபீஸில் செல்லாது. ஃபார்ம் 35-இல் வண்டி உரிமையாளரும் கையெழுத்துப் போட வேண்டும், அப்பாவின் கையெழுத்து உதவாது, ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவருடையதுதான். வங்கி இழுத்தடித்தால், கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் உத்தரவு போட்டிருப்பதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள உத்தரவு அது.

என்.ஓ.சி. கைக்கு வந்ததும் தேதியைப் பாருங்கள். பல வங்கிகள் மூன்று மாதம்தான் செல்லும் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். பொங்கலுக்குப் போகிறவர் முந்தைய ஜூலையில் வாங்கி வைத்தால் வீண். அப்புறம் வண்டி எண், சேஸிஸ் எண், எஞ்சின் எண் மூன்றையும் ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எஞ்சின் எண்ணில் பூஜ்ஜியத்துக்குப் பதிலாக ஆங்கில 'ஓ' விழுந்திருந்தாலும் கவுன்டரில் திருப்பி அனுப்புவார்கள், நீங்கள் மறுபடி வங்கிக்குத்தான் போக வேண்டும்.

வங்கியின் பெயரும் சிக்கலாகும். கரூர் லட்சுமி விலாஸ் வங்கியில் லோன் எடுத்தவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2020 நவம்பரில் அது டி.பி.எஸ். வங்கி இந்தியாவோடு இணைந்துவிட்டது. ஆர்.சி.யில் பழைய பெயர் இருக்கும், என்.ஓ.சி. புதிய பெயரில் வரும். பழைய வங்கி எங்களோடு இணைந்தது, இந்த லோன் இப்போது எங்களுடையது என்று என்.ஓ.சி.யிலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். கேட்டால்தான் எழுதுவார்கள்.

அடுத்தது போன் நம்பர். `parivahan.gov.in` தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து, வங்கி பெயரை நீக்குவதற்கான `Hypothecation Termination` என்பதைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான ஓ.டி.பி. பதிவேட்டில் இருக்கும் நம்பருக்குத்தான் வரும். கார் வாங்கிய அன்று ஷோரூம்காரர் தன் நம்பரையே கொடுத்திருப்பார், அல்லது நீங்கள் எப்போதோ கைவிட்ட பழைய இந்திய சிம் நம்பராக இருக்கும். நம்பர் மாற்றும் வசதியும் அதே தளத்தில் இருக்கிறது. அதை முதலில் முடித்துவிட்டு, ஓ.டி.பி. வாங்கி அப்பாவோ தம்பியோ உடனே சொல்லக்கூடிய நம்பராகப் பார்த்துக் கொடுங்கள்.

விண்ணப்பித்துக் கட்டணம் கட்டியதும் ரசீதை அச்செடுத்து, என்.ஓ.சி., ஃபார்ம் 35, அசல் ஆர்.சி., நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், அடையாளச் சான்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வண்டி பதிவான ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போங்கள். டிராஃபிக் அபராதம் ஏதாவது நிலுவையில் இருந்தால் முன்பே கட்டிவிடுங்கள். வாசலில் புரோக்கர் வருவார், தாள்கள் சரியாக இருந்தால் அவர் தேவையே இல்லை.

புதிய ஆர்.சி. அட்டை தபாலில்தான் வரும், அதுவும் பதிவேட்டில் உள்ள முகவரிக்கு. அந்த வீடு பூட்டிக் கிடந்தாலோ, நீங்கள் விட்டுவிட்டு வந்த பழைய வாடகை வீடாக இருந்தாலோ, தபால் திரும்பிப் போய்விடும். அப்படியானால் முகவரி மாற்றத்துக்கும் சேர்த்தே விண்ணப்பிப்பது நல்லது. அட்டை வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. வண்டி விவரத்தைத் தளத்தில் திறந்து பாருங்கள், வங்கி பெயர் காணாமல் போயிருந்தால் பதிவு நீங்கிவிட்டது.

அட்டை வந்த கையோடு அதன் நகலை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பி, பாலிசியில் இருக்கும் வங்கி பெயரையும் எடுக்கச் சொல்லுங்கள். விட்டுவிட்டால், நாளை வண்டி திருடுபோனாலோ முழுதாக நொறுங்கினாலோ இழப்பீடு கைக்கு வரும் முன் மறுபடி அந்த வங்கியிடம் கடிதம் வாங்கச் சொல்வார்கள்.