கைப்பேசி நிலவுப் படத்தில் எந்தப் பள்ளம் லென்ஸ் கண்டது, எது மென்பொருள் வரைந்தது? நீங்களே சோதித்துப் பார்க்கும் முறை

முழுநிலவு நாளில் கைப்பேசியை 100 மடங்கு ஜூம் வரை கொண்டுபோய் எடுத்த படத்தில், நிலவின் தெற்குப் பகுதியிலுள்ள டைக்கோ என்னும் பள்ளத்தின் விளிம்பும் அதன் நடுவே எழும் மலையும் தெளிவாகத் தெரிவதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பள்ளத்தின் குறுக்களவு சுமார் 85 கி.மீ.; நடுமலையின் அகலம் சுமார் 15 கி.மீ. இந்த இரண்டில் எதை உங்கள் லென்ஸ் உண்மையில் பார்த்திருக்க முடியும் என்பதற்கு விடை காண ஒரு சிறு கணக்கும் ஒரு இருட்டறையும் போதும். எடுத்துக்காட்டாக, 2023இல் வெளிவந்த சாம்சங் கேலக்ஸி எஸ்23 அல்ட்ராவை எடுத்துக்கொள்கிறேன். நிலவுப் படங்களின் விவரங்களை மென்பொருளே வரைகிறதா என்ற விவாதம் பெரிதாக வெடித்தது அந்தக் கைப்பேசியை வைத்துத்தான்; அதன் லென்ஸ் அளவுகளும் வெளிப்படையாகக் கிடைக்கின்றன.

படி 1: லென்ஸின் எல்லையைக் கணக்கிடுங்கள்

ஒரு லென்ஸ் எவ்வளவு நுணுக்கமான விவரத்தைப் பிரித்துக் காட்டும் என்பதை முதலில் முடிவுசெய்வது, ஒளி உள்ளே நுழையும் துளையின் விட்டம். ஒளி ஓர் அலை என்பதால், சிறிய துளை வழியே போகும்போது அது சற்று விரிந்து பரவுகிறது. விளிம்பு விளைவு என்று இயற்பியல் பாடத்தில் படித்தது இதைத்தான். ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி சென்சாரில் புள்ளியாக விழாமல் சிறு வட்டமாக விழுகிறது; துளை சிறுத்தால் வட்டம் பெரிதாகும். அருகருகே உள்ள இரண்டு விவரங்களின் வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துவிட்டால், அவை இரண்டு என்ற செய்தியே சென்சாரை எட்டாது.

எஸ்23 அல்ட்ராவின் 10 மடங்கு டெலிஃபோட்டோ லென்ஸின் f எண் 4.9. விளம்பரங்களில் அதன் குவியத் தூரம் 230 மி.மீ. என்று இருக்கும், அது பழைய ஃபிலிம் கேமராவுக்கு இணையாகச் சொல்லப்படும் எண். உண்மையான குவியத் தூரம் சுமார் 27 மி.மீ. உங்கள் கைப்பேசிக்கு இந்த எண்களைப் படத்தின் விவரப் பக்கத்தில் காணலாம், நூறு மி.மீ.க்கு மேற்பட்ட எண் தெரிந்தால் அது இணை எண் என்று கொள்ளுங்கள், ஏனெனில் அவ்வளவு நீளமான லென்ஸுக்குக் கைப்பேசிக்குள் இடமில்லை. குவியத் தூரத்தை f எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் கிடைக்கும். நிலவின் சராசரித் தொலைவான 3,84,400 கி.மீ.யையும் பச்சை ஒளியின் அலைநீளத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், பயன்படுத்த எளிதான ஒரு சூத்திரம் வரும்:

```
துளை (மி.மீ.) = குவியத் தூரம் / f எண்
நிலவில் பிரித்தறியும் எல்லை (கி.மீ.) = 258 / துளை

27 / 4.9 = 5.5
258 / 5.5 = 47
```

அதாவது, நிலவின் மேல் ஏறக்குறைய 47 கி.மீ. இடைவெளியில் உள்ள விவரங்களைத்தான் இந்த லென்ஸ் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும். நிலவின் விட்டம் 3,474 கி.மீ. என்பதால், விளிம்பிலிருந்து விளிம்புவரை சுமார் 74 விவரங்களுக்கு மட்டுமே இடமுண்டு. டைக்கோ ஒரு மங்கலான பொட்டாகத் தெரியலாம். அதன் 15 கி.மீ. நடுமலை தெரிய வழியே இல்லை.

இங்கே பலர் மெகாபிக்சலைக் குறைகூறுகிறார்கள். அது சரியன்று. இந்தக் கைப்பேசியின் 10 மெகாபிக்சல் டெலி சென்சாரில் நிலவு சுமார் 220 பிக்சல் அகலத்துக்கு விழுகிறது. ஒரு பிக்சலுக்கு 16 கி.மீ. தான். லென்ஸ் கொடுப்பதைவிடப் பிக்சல் நுணுக்கமாகவே இருக்கிறது. எனவே பிக்சலை இரட்டிப்பாக்கினாலும் அதே மங்கலைத்தான் கூடுதல் புள்ளிகளில் பதிவுசெய்ய முடியும்.

படி 2: மென்பொருள் தலையிடாத ஒரு படத்தை எடுங்கள்

ஒப்பிடுவதற்கு ஓர் அடிப்படைப் படம் வேண்டும். கேமரா அமைப்புகளில், காட்சியை அடையாளம் கண்டு படத்தைத் தானே மேம்படுத்தும் Scene optimizer என்பதை அணைத்துவிட்டு, Pro முறையில் டெலி லென்ஸைத் தேர்ந்தெடுங்கள். வசதி இருந்தால், சென்சார் பதிந்ததை மெருகேற்றாமல் வைக்கும் RAW வடிவத்தில் சேமியுங்கள். முழுநிலவுக்கு ISO 50, ஷட்டர் வேகம் 1/250 என்று தொடங்கலாம். நிலவு வெறும் வெள்ளைத் தட்டாக வந்தால் ஷட்டர் வேகத்தைக் கூட்டுங்கள். கையில் பிடிக்காமல் முக்காலியில் வைத்து, டைமரில் எடுப்பது நல்லது. டெலி லென்ஸ்தான் இயங்குகிறதா என்ற ஐயம் இருந்தால், அந்த லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள்; காட்சி மறையவில்லை என்றால் வேறு லென்ஸின் படத்தைக் கைப்பேசி வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

இந்தப் படம் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். இருண்ட சமவெளிகளும், டைக்கோவிலிருந்து பரவும் வெளிர்க் கதிர்களும், சில பொட்டுகளும் மட்டுமே தெரியும். ஆனால் அதில் உள்ள ஒவ்வொன்றும் நிலவிலிருந்து அந்த இரவு வந்த ஒளி.

படி 3: மங்கலாக்கிய நிலவைக் கைப்பேசியின் முன் வையுங்கள்

2023 மார்ச்சில் ரெட்டிட் தளத்தில் ஒரு பயனர் செய்துகாட்டிய சோதனையின் அடிப்படை இதுதான். அவர் நிலவின் தெளிவான படத்தை 170 பிக்சலாகச் சுருக்கி, மேலும் மங்கலாக்கி, கணினித் திரையில் காட்டி, விளக்கை அணைத்துவிட்டு, அறையின் மறுகோடியிலிருந்து எஸ்23 அல்ட்ராவில் படமெடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்கள் கைப்பேசியின் படத்தில் வந்தன.

இதை நீங்களும் செய்யலாம். நாசாவின் பொதுப் படங்களில் ஒரு முழுநிலவைப் பதிவிறக்கி, நிலவின் வட்டம் சட்டகத்தின் விளிம்புகளைத் தொடும்படி சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். அதை moon.png என்ற பெயரில் சேமித்து, இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருளில் இந்தக் கட்டளையை இயக்குங்கள்:

```
magick moon.png -resize 170x170 -blur 0x4 test.png
```

170 பிக்சலில் ஒரு பிக்சல் சுமார் 20 கி.மீ. அதன்மேல் இந்த மங்கலைச் சேர்த்ததும், 190 கி.மீ.க்குக் குறைவான எந்த அமைப்பும் தன் வடிவத்தை இழந்துவிடும். 85 கி.மீ. டைக்கோவுக்கும் 93 கி.மீ. கோப்பர்னிக்கஸுக்கும் விளிம்பு என்று ஒன்று இந்தக் கோப்பில் இல்லை. இதைப் பெரிதாக்கி நீங்களே கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள், ஏனெனில் சோதனையின் வலு முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

படத்தைக் கறுப்புப் பின்னணியில் பெரிதாக்காமல் திரையில் காட்டுங்கள். வட்டத்தின் விட்டத்தை அளவுகோலால் அளந்து, அதைப்போல் 110 மடங்கு தொலைவில் கைப்பேசியை வையுங்கள். அந்தத் தொலைவில்தான் அது வானத்து நிலவின் அளவில் தெரியும். 5 செ.மீ. வட்டத்துக்கு 5.5 மீட்டர். அறையை இருட்டாக்கி, Scene optimizer இயங்கும் நிலையில், சாதாரணப் படமுறையில் 25 மடங்குக்கு மேல் ஜூம் செய்து எடுங்கள். சாம்சங்கின் நிலவு மேம்பாடு அந்த அளவிலிருந்துதான் செயல்படுகிறது. அடுத்து, எதையும் நகர்த்தாமல் படி 2இல் சொன்னபடி இன்னொரு படம் எடுங்கள்; திரை நிலவைவிட மங்கல் என்பதால் ஷட்டர் வேகத்தை மட்டும் குறைத்துக்கொள்ளலாம்.

படி 4: மூன்று படங்களை அருகருகே வையுங்கள்

மங்கலாக்காத மூலப் படம், Pro முறைப் படம், மேம்படுத்திய படம் ஆகிய மூன்றையும் ஒரே அளவில் வைத்து, ஏதாவது ஒரு பள்ளத்தை மட்டும் பாருங்கள். மேம்படுத்திய படத்தில் புதிதாக ஒரு சொரசொரப்பு தெரிந்தால் உடனே முடிவுகட்டிவிட வேண்டாம். அளவுக்கு மீறிய கூர்மையாக்கலும் அப்படியொரு தோற்றத்தைத் தரும். ஆனால் அது கண்ட இடத்தில் வரும், மூலப் படத்தின் பள்ளங்களோடு பொருந்தாது. புதிய வட்டங்கள் மூலப் படத்தில் பள்ளங்கள் இருக்கும் அதே இடங்களில் வந்திருந்தால்தான், நிலவைப் பற்றி முன்பே கற்றுவைத்திருந்த ஒன்று அவற்றை வரைந்திருக்கிறது என்று சொல்ல முடியும்.

இன்னும் உறுதி வேண்டுமானால், மங்கலான படத்தில் நடுவுக்குச் சற்று வலப்புறம் மேலே ஒரு சாம்பல் சதுரத்தை வைத்துச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்:

```
magick test.png -fill gray50 -draw "rectangle 95,60 115,80" test2.png
```

400 கி.மீ. அகலமுள்ள அந்தச் சதுரம் ஒரே நிறம் கொண்டது. அதற்குள் நிலவின் தரை போன்ற கோடுகளும் குழிகளும் முளைத்திருந்தால், அவற்றுக்கு வேறு எந்த மூலமும் இல்லை.

இது எப்படி நடக்கிறது?

நிலவு எப்போதும் ஒரே முகத்தையே நமக்குக் காட்டுகிறது. சிறு அசைவுகளை நீக்கிவிட்டால், உலகில் எவர் எப்போது எடுத்தாலும் பொருள் ஒன்றே; பிறையின் அளவும் சாய்வும் மட்டுமே மாறும். இவ்வளவு நிலையான பொருளை ஒரு நரம்பு வலையமைப்புக்குக் கற்றுக்கொடுப்பது எளிது. சாம்சங் தன் விளக்கத்தில், பிறை முதல் முழுநிலவு வரையிலான படங்களைக் கொண்டு பயிற்றுவித்த செயற்கை நுண்ணறிவு மாதிரி நிலவை அடையாளம் காண்கிறது என்றும், பல படச் சட்டகங்களைச் சேர்த்து இரைச்சலைக் குறைத்தபின் விவர மேம்பாடு நடக்கிறது என்றும் சொன்னது. நிலவின் மேல் வேறொரு படத்தை ஒட்டுவதாகக் கூறப்பட்டதை மறுத்தது.

அந்த மறுப்பை நான் ஏற்கிறேன். ஆனால் நம் கேள்விக்கு அது விடையாகாது. ஒட்டப்பட்டாலும், பயிற்சியில் கற்றதிலிருந்து வரையப்பட்டாலும், 15 கி.மீ. மலை அந்த இரவில் அந்த லென்ஸ் வழியே வரவில்லை. பல சட்டகங்களைச் சேர்ப்பது உண்மையான பலன் தரும் முறைதான்: இரைச்சல் குறையும், மங்கலில் புதைந்திருந்த வேறுபாடு மேலே வரும், நல்ல கூர்மையாக்கலால் 47 கி.மீ. எல்லையை 40 கி.மீ.க்கு அருகில்கூடக் கொண்டுபோகலாம். அதற்குக் கீழே உள்ள செய்தியைத் துளையே வடிகட்டிவிடுவதால், எத்தனை ஆயிரம் சட்டகங்களைச் சேர்த்தாலும் அது திரும்பாது.

படி 5: வானத்து நிலவில் சோதிக்க அரைநிலவைத் தேர்ந்தெடுங்கள்

முழுநிலவின்போது சூரியன் நமக்குப் பின்னாலிருந்து ஒளிவீசுவதால், பள்ளங்களின் நிழல்கள் நம் கண்ணுக்கு மறைந்துவிடும். நிறவேறுபாடு மட்டுமே இருக்கும். ஆகவே முழுநிலவுப் படத்தில் நிழல் விழுந்த பள்ள விளிம்புகள் தெரிந்தால் அதுவே ஐயப்பட வேண்டிய அறிகுறி.

அரைநிலவில் நிலை மாறுகிறது. ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே நிழல்கள் நீளமாக விழுகின்றன. அவை சில மணி நேரத்துக்குள்ளேயே மாறிவிடுகின்றன. பொதுவான நிலவைக் கற்ற மென்பொருள், அந்தக் குறிப்பிட்ட மணிக்குரிய நிழலைச் சரியாக ஊகிக்க வேண்டியிருக்கிறது. நாசாவின் Dial-A-Moon பக்கத்தில், படம் எடுத்த நாளையும் நேரத்தையும் உலகப் பொது நேரத்தில் கொடுத்தால் (இந்திய நேரத்திலிருந்து 5 மணி 30 நிமிடத்தைக் கழியுங்கள்), அந்த மணிக்குரிய நிலவு கிடைக்கும். சந்திக் கோட்டருகே 100 கி.மீ.க்கு மேற்பட்ட பெரிய பள்ளங்களை, குறிப்பாகத் தெற்கே உள்ள 231 கி.மீ. கிளேவியஸை, முதலில் ஒப்பிடுங்கள். அவை லென்ஸின் எல்லைக்குள் வருபவை, பொருந்த வேண்டும். அடுத்து 30 கி.மீ. அளவிலானவற்றைப் பாருங்கள். படத்தில் இருந்து நாசா நிலவில் இல்லாதவை, நிழல் மாறி விழுந்தவை, ஒளிபடாத பக்கத்தில் தெரிபவை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சிறிய பள்ளங்கள் பொருந்திவிட்டால் அவை லென்ஸ் கண்டவை என்று ஆகிவிடாது. ஊகம் சரியாக அமைந்தது என்று மட்டுமே பொருள்.

டைக்கோவின் நடுமலையை உங்கள் கைப்பேசியிலேயே உண்மையாகப் பதிவுசெய்ய விரும்பினால், மாற்ற வேண்டியது துளையைத்தான். 70 மி.மீ. தொலைநோக்கிக்கு அதே சூத்திரம் 258 / 70, அதாவது 3.7 கி.மீ. தருகிறது. அதன் கண்ணருகு லென்ஸில் கைப்பேசியின் முதன்மைக் கேமராவைத் தாங்கியால் பொருத்தி, Scene optimizer அணைந்த நிலையில், அரைநிலவுக்கு அடுத்த ஓரிரு இரவுகளில் எடுங்கள்; டைக்கோவின் மேல் சூரியன் தாழ்வாக இருக்கும் இரவு அமைந்தால், பள்ளத்தின் நிழலுக்கு நடுவே அந்த மலை ஒளிப்புள்ளியாக நிற்கும்.