“சும்மா தமாஷுக்குத்தானே!”: அலுவலகக் கிண்டலுக்குப் பதில் சொல்லும்போது செய்யும் தவறுகள்

முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருமுறை செலவுக் கணக்கில் ஒரு சைபரைக் கூடுதலாகப் போட்டுவிட்டேன். அன்றைக்கே கண்டுபிடித்துத் திருத்தியும் விட்டேன். ஆனால் அதற்கப்புறம் கூட்டத்தில் கணக்குப் பேச்சு வந்தாலே சக ஊழியர் ஒருவர், “இவங்ககிட்ட கொடுத்தா ஒரு சைபர் இலவசம்” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

மனசு சுருங்கும்போதும் கூடச் சேர்ந்து சிரிப்பதுதான் முதல் தவறு. நடந்தது தெரியாத புது ஆட்களுக்கு அந்தச் சிரிப்பே ஒப்புதல் மாதிரி. சில மாதங்களில் பட்ஜெட் வேலை வேறொருவர் கைக்குப் போனது. யாரும் காரணம் சொல்லவில்லை. கிண்டல் மெல்ல மெல்லப் பெயராகிவிடும் என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த தவறு, அடக்கி அடக்கி வைத்து ஒருநாள் வெடிப்பது. பத்து தடவைக் கோபம் ஒரே தடவையில் வெளியே வரும்; பார்ப்பவர்களுக்கோ அன்றைய ஒரு வரி மட்டும்தான் தெரியும். “இதுக்குப் போயா?” என்பார்கள். சிடுமூஞ்சி என்ற பெயர் இங்கேதான் ஒட்டிக்கொள்கிறது. பதிலுக்கு அவர் குறையை எடுத்து ஓட்டுவதும் உதவாது. “ரெண்டு பேருமே ஓட்டிக்கிறாங்க” என்று ஆகிவிட்டால், பிறகு முறையிடவும் முடியாது.

எனக்குக் கைகொடுத்தது ஒரு சின்னப் பதில். சிரிக்காமல், குரலில் சூடும் இல்லாமல், “அது அன்னைக்கே திருத்தியாச்சு. இந்த மாசத் தொகைக்கு வருவோம்” என்றேன். சொன்ன கையோடு அடுத்த வரியைப் படிக்கத் தொடங்கிவிட வேண்டும். நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தால் அது சண்டைக்கு அழைப்பாகிவிடும்.

அப்புறம் தனியாகப் பேசினேன். இங்கே பலர் சறுக்குவது “நீங்க எப்பவும் என்னைக் கிண்டல் பண்றீங்க” என்பதில். அந்த “எப்பவும்” போதும், “எப்ப பண்ணேன், சொல்லு” என்று அவர் நழுவிவிடுவார். அதனால் ஒரே ஒரு ஜோக்கை மட்டும் சொன்னேன்: “கூட்டத்துல அந்த சைபர் ஜோக்கை விட்டுடுங்க. புதுசா வர்றவங்க நிஜம்னு நம்புறாங்க. மத்த கிண்டல் எதுவும் எனக்குப் பிரச்சினை இல்லை.” “சும்மா தமாஷுக்குத்தானே!” என்றார். நோக்கத்தைப் பற்றி வாதாடினால் பேச்சு முடியவே முடியாது. “தெரியும், ஆனாலும் வேண்டாம்” என்றதோடு நிறுத்திக்கொண்டேன். மறுநாள் அவருடைய வேறொரு ஜோக்குக்கு மனசாரச் சிரிக்கவும் செய்தேன். அதைச் செய்யாவிட்டால், மற்ற கிண்டல் பிரச்சினை இல்லை என்று முந்தைய நாள் சொன்னது பொய்யாகிவிடும்.

உடல், நிறம், சாதி, மதம், பாலினம் பற்றிய கிண்டலுக்கு மட்டும் இவ்வளவு பொறுமை வேண்டாம். தேதி, சொன்ன வார்த்தை, உடனிருந்தவர்கள் யார் என்று அன்றே குறித்துவைத்து, மனிதவளத் துறைக்கு எழுத்தில் கொடுங்கள்.

சைபர் ஜோக் அதற்கப்புறமும் இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் அதே பதில்தான். இரண்டாவது தடவை மேலாளரே “சரி, தொகைக்கு வாங்க” என்றார்.