ஒரு வருட சம்பளமில்லா விடுப்பு: கேட்கும்போதே கோட்டைவிடும் இடங்கள்

தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒருவர் ஒரு வருடம் படிக்கப் போக வேண்டும், அல்லது பக்கவாதம் வந்த அப்பாவைக் கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கென்று சட்டம் தரும் விடுப்பு எதுவும் அவருக்கு இல்லை. மத்திய அரசு ஊழியருக்குப் படிப்பு விடுப்பு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு என்று விதிப்புத்தகமே உண்டு. ஐ.டி. கம்பெனிக்காரருக்கு இருப்பது கம்பெனியின் ஹெச்.ஆர். பாலிசியும், அதன்படி கையில் வாங்கும் ஒரு அனுமதிக் கடிதமும்தான். திரும்பி வரும் நாளில் பேசப்போவது அந்தக் கடிதம். மேனேஜர் அப்போது அதே நாற்காலியில் இருப்பார் என்று யாரும் சொல்ல முடியாது.

ராஜினாமா செய்துவிட்டு “திரும்ப எடுத்துக்கோங்க” என்பது

மேனேஜர் நல்லவராக இருந்தால் இந்தத் தவறு இன்னும் எளிதாக நடக்கும். “இப்போ பேப்பர் போட்டுடுங்க, அடுத்த வருஷம் நானே கூப்பிட்டுக்கிறேன்” என்பார். மனதார, நம்பித்தான் சொல்வார். ஆனால் ராஜினாமா ஏற்கப்பட்டதும் பணித்தொடர்ச்சி அறுந்துவிடுகிறது. திரும்ப எடுத்தாலும் அது புது நியமனம்: புது ஊழியர் எண், புதிதாக புரொபேஷன், பணிக்கொடைக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து.

இதில் எவ்வளவு பணம் போகிறது என்பதை ஒரு கணக்கில் பார்ப்போம். ஒருவர் 2022 மார்ச் 1 அன்று சேர்ந்திருக்கிறார், 2026 ஜூலை 1 முதல் ஒரு வருடம் வேண்டும். அதாவது 4 வருடம் 4 மாதம் முடித்திருக்கிறார். பணிக்கொடைக்கு எடுத்துக்கொள்ளும் மாதச் சம்பளம் 52,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதை 26-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 2,000. 15 நாளுக்கு 30,000. முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் இந்த 30,000 சேரும். ஆனால் நிரந்தர ஊழியருக்கு 5 வருடத் தொடர்ப் பணி இருந்தால்தான் கைக்கு வரும். ஜூன் 30 அன்று ராஜினாமா செய்தால் கிடைப்பது ஒன்றுமில்லை. ஐந்தாம் வருடத்தில் 240 நாள் முடித்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதுண்டு. அதை ஏற்காத கம்பெனிகளும் உண்டு. எப்படியும் இவருக்கு நான்கு மாதம்தான் ஆகியிருக்கிறது.

ராஜினாமாவுக்குப் பதில் அவர் அனுமதி பெற்ற விடுப்பில் போனால் கதை வேறு. பணிக்கொடை விதிகளில் விடுப்பு என்பது பணித்தொடர்ச்சியை முறிப்பதில்லை. விடுப்பு வருடத்தையும் கம்பெனி கணக்கில் சேர்த்தால் 2027 பிப்ரவரி இறுதியிலேயே 5 வருடம் முடிகிறது. சேர்க்காது என்றால் திரும்பி வந்து இன்னும் எட்டு மாதம் வேலை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். எப்படிப் பார்த்தாலும் பழைய நாலேகால் வருடம் வீண் போவதில்லை. எனவே கடிதத்தில் இரண்டு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும்: இந்த விடுப்பு பணிமுறிவு ஆகாது என்பது ஒன்று, விடுப்புக் காலம் பணிக்காலத்தில் சேருமா சேராதா என்பது இன்னொன்று. இரண்டாவதற்குப் பதில் “சேராது” என்றாலும் பரவாயில்லை. எழுத்தில் இருந்தால் திட்டமிடலாம்.

திரும்பி வரும் நிபந்தனையை வாசிக்காமல் கையெழுத்துப் போடுவது

பெரும்பாலான அனுமதிக் கடிதங்களில் ஒரு வரி இருக்கும். தமிழில் சொன்னால் இப்படி வரும்: “விடுப்பு முடிந்து திரும்பும்போது, தகுந்த பணியிடம் காலியாக இருப்பதைப் பொறுத்து ஊழியருக்கு வேலை ஒதுக்கப்படும்.” ‘பொறுத்து’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. பணியிடம் காலியில்லை என்றால் என்ன ஆகும்? எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா? கடிதம் வாய் திறப்பதில்லை. ஆகவே அந்த நாட்களும் சம்பளமில்லா விடுப்பாகவே நீண்டு, கடைசியில் ஊழியரே சலித்துப்போய் ராஜினாமா செய்யும் நிலை வருகிறது.

அதே நாற்காலி, அதே புராஜெக்ட் வேண்டும் என்று கேட்டால் எந்தக் கம்பெனியும் ஒப்புக்கொள்ளாது. அதில் மல்லுக்கட்டுவது வீண். கிடைக்கக்கூடியதைக் கேட்க வேண்டும். பதவிநிலை இப்போதுள்ளதற்குக் கீழே போகக்கூடாது. நிலையான சம்பளம் குறையக்கூடாது. ஊர் அதே ஊர், மாற்றுவதாக இருந்தால் சம்மதம் கேட்க வேண்டும். திரும்பச் சேரும் தேதியிலிருந்து சம்பளம் ஓட வேண்டும், புராஜெக்ட் கிடைக்கும் வரை பெஞ்சில் இருந்தாலும் சரி. இவ்வளவுக்கும் பிறகு இடமே இல்லையென்றால், கம்பெனியே வேலையிலிருந்து விடுவிப்பதாகக் கொண்டு நோட்டீஸ் காலச் சம்பளம் தர வேண்டும். இந்தக் கடைசி ஷரத்துதான் மற்றவற்றுக்குப் பல் கொடுப்பது. ஹெச்.ஆர். இதற்குத் தயங்கினால், “30 நாளுக்குள் பணியிடம் ஒதுக்கப்படும்” என்று ஒரு காலக்கெடுவையாவது வாங்கிவிட வேண்டும்.

கூடவே கேட்க வேண்டியது, திரும்பி வந்ததும் வேலையை விட்டால் என்ன என்பது. “திரும்பியபின் ஒரு வருடம் வேலை பார்க்க வேண்டும், இல்லையேல் தொகை கட்ட வேண்டும்” என்ற நிபந்தனையைச் சில இடங்களில் சேர்க்கிறார்கள். படிப்புச் செலவைக் கம்பெனி ஏற்றிருந்தால் அது நியாயம். ஒரு ரூபாயும் தராமல், சம்பளமும் இல்லாமல் அனுப்பிவிட்டு அப்படிக் கேட்டால், எந்தச் செலவுக்காக அந்தத் தொகை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தக் கேள்விக்கே பல நேரம் அந்த வரி காணாமல் போய்விடும்.

தேதியை உத்தேசமாகப் போடுவது

படிக்கப் போகிறவர்கள் வகுப்பு முடியும் தேதியை விடுப்பின் கடைசி நாளாக எழுதிவிடுகிறார்கள். தேர்வு, புராஜெக்ட் சமர்ப்பிப்பு, வைவா எல்லாம் அதற்குப் பிறகுதான் நடக்கும். தேர்வு அட்டவணையும் தள்ளிப்போகும். கடைசித் தேர்வு என்று கல்லூரி சொல்லும் நாளிலிருந்து மூன்று நான்கு வாரம் தள்ளி விடுப்பு முடிவதாக எழுதினால் தப்பிக்கலாம். அனுமதி பெறாமல் விடுப்பு முடிந்த பிறகும் வராமல் இருப்பதை, சொல்லாமல் ஓடிப்போனதாக எடுத்துக்கொண்டு நோட்டீஸ் அனுப்பும் கம்பெனிகள் நிறைய. ரிலீவிங் லெட்டர் அதில் மாட்டிக்கொண்டால், அடுத்த வேலைக்கான பின்னணிச் சரிபார்ப்பிலும் அது துரத்தும்.

குடும்பப் பராமரிப்பில் சிக்கல் எதிர்த்திசையிலும் வரும். ஒரு வருடம் என்று கேட்டிருப்பார்கள், ஐந்தாம் மாதமே வேலைக்குத் திரும்பும் நிலை வந்துவிடும். முன்கூட்டியே திரும்ப வழி எழுதப்படவில்லை என்றால் மீதி ஏழு மாதமும் சம்பளமில்லாமல்தான். இப்படிப்பட்டவர்கள் ஒரேயடியாக 12 மாதம் கேட்பதைவிட, முதலில் ஆறு, தேவைப்பட்டால் நீட்டிக்க இன்னொரு ஆறு என்று கேட்பது நல்லது. 30 நாள் முன்னறிவிப்புடன் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம் என்ற வரியும் அதில் இருக்கட்டும்.

தொடக்கத் தேதியிலும் ஒரு கண்ணி உண்டு. கம்பெனியின் மதிப்பீட்டு ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை என்றால், மேலே சொன்னவரின் ஜூலை–ஜூன் விடுப்பு இரண்டு மதிப்பீட்டு ஆண்டுகளைத் தொடுகிறது. முதல் ஆண்டில் மூன்று மாதம்தான் வேலை பார்த்திருப்பார். இரண்டாம் ஆண்டில் ஒன்பது. குறைந்தது இத்தனை மாதம் வேலை பார்த்திருந்தால்தான் ரேட்டிங், இன்க்ரிமென்ட் என்று விதி இருக்கும் இடத்தில் முதல் ஆண்டு போய்விடும், இரண்டாவதையும் வாதாடித்தான் வாங்க வேண்டும். பராமரிப்புக்காகப் போகிறவருக்கு ஏப்ரலில் தொடங்கும் வசதி இருந்தால் ஒரே ஆண்டோடு நஷ்டம் முடியும். படிப்புக்குக் கல்லூரிதான் தேதி வைக்கிறது. ஆகவே வேலை பார்த்த மாதங்களுக்கு ஏற்ற விகிதத்தில் போனஸ் உண்டா என்பதைக் கடிதத்திலேயே கேட்டு வைக்க வேண்டும்.

காப்பீடும் பி.எஃப்-உம் தானாக ஓடும் என்று நினைப்பது

சம்பளப் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்பட்டதும் குரூப் மெடிக்கல் பாலிசியிலிருந்தும் எடுத்துவிடும் கம்பெனிகள் உண்டு. பிரீமியத்தைக் கட்டச் சொல்லித் தொடர்பவையும் உண்டு. அப்பாவைப் பார்த்துக்கொள்ளத்தான் விடுப்பே என்னும்போது, அவருடைய காப்பீடு அந்த மாதமே அறுந்துபோனால் அதைவிட மோசம் வேறில்லை. பாதியில் நீக்கிய பெற்றோரை அடுத்த புதுப்பித்தல் வரும் வரை மறுபடி சேர்க்கவும் விடமாட்டார்கள். தனியாகப் புது பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 36 மாதம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். இதனால் குரூப் பாலிசி நடப்பில் இருக்கும்போதே, அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமா, ஏற்கெனவே கழிந்த காத்திருப்புக் காலம் கணக்கில் வருமா என்று விசாரிக்க வேண்டும். டேர்ம் இன்ஷூரன்ஸ் வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் விடுப்புக்கு முன்பே முடித்துவிடுங்கள். வருமானச் சான்றாகச் சம்பளச் சீட்டு கேட்பார்கள்.

பி.எஃப். கணக்கில் சம்பளமில்லாத மாதங்களுக்குப் பங்களிப்பு விழாது. ஏற்கெனவே உள்ள தொகைக்கு வட்டி வரும். அந்த நாட்கள் பங்களிப்பில்லா நாட்களாகப் பதிவாகி, ஓய்வூதியத்துக்கான பணிக்காலத்தைக் குறைக்கும். ஓய்வூதியத்துக்கு வேண்டிய பத்து வருடப் பணிக்காலத்தை நெருங்கிக்கொண்டிருப்பவர் இதைக் கவனிக்க வேண்டும். இதைவிடப் பெரிய சிக்கல், சம்பளப் பட்டியலிலிருந்து எடுக்கும்போது யாரோ ஒருவர் பி.எஃப். பதிவிலும் வேலையை விட்ட தேதியைப் போட்டுவிடுவது. இ.பி.எஃப்.ஓ. உறுப்பினர் தளத்தில் View என்பதன் கீழ் Service History பார்த்தால் தெரிந்துவிடும். விடுப்பு தொடங்கி இரண்டு மாதத்துக்குள் ஒருமுறை பாருங்கள். தேதி விழுந்திருந்தால் உடனே ஹெச்.ஆர்.-க்கு எழுதித் திருத்தச் சொல்லுங்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், அதற்குள் அதுவே பணிமுறிவுக்குச் சான்றாக ஆகியிருக்கும்.

விடுப்பில் இருந்தாலும் நீங்கள் அந்தக் கம்பெனியின் ஊழியர்தான். எனவே படிப்பின் பகுதியாக வரும் இன்டர்ன்ஷிப், கையில் காசு வரும் ஃப்ரீலான்ஸ் வேலை எதற்கும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வேண்டும். இன்டர்ன்ஷிப் பாடத்திட்டத்திலேயே இருந்தால் விண்ணப்பத்தோடு அந்தப் பாடத்திட்டத்தையும் இணைத்துவிடுங்கள்.

விண்ணப்பத்தை மூன்று மாதத்துக்கு முன்பே கொடுப்பது வசதி. கடிதத்தின் வாசகத்தை மாற்றச் சொல்லி இரண்டு மூன்று முறை போய்வர அவ்வளவு காலம் பிடிக்கும். அனுமதிக் கடிதம், சம்பளச் சீட்டுகள், காப்பீட்டு அட்டை ஆகியவற்றின் பிரதிகளைச் சொந்த மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். விடுப்பு தொடங்கும் நாளிலேயே அலுவலக லாகின் முடக்கப்படலாம், பிறகு அந்தக் கடிதத்தையே ஹெச்.ஆர்.-இடம் கேட்டு நிற்க வேண்டிவரும். பி.எஃப். கணக்கில் பதிந்துள்ள செல்பேசி எண் கம்பெனி கொடுத்த சிம்மாக இருந்தால், அதைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் சொந்த எண்ணுக்கு மாற்றிவிடுங்கள்.