ஐந்து ஸ்டூல், நான்கு இடைவெளி: உணவகம் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில், ஜார்ஜ் டவுனில், பழைய கடைவீடு ஒன்றை உணவகமாக மாற்றும் வேலை. இடது சுவர் ஓரமாக நான்கு பூத். வலது பக்கம் தே தாரிக்கும் ஜூஸும் கலக்க ஒரு பார் கவுண்டர், அதன் முன்னால் ஸ்டூல்கள். மேலே இரண்டு மூன்று உயரங்களில் தொங்கும் விளக்குகள். முதலாளி கைப்பேசியில் காட்டிய படம் அழகாகத்தான் இருந்தது. கடை திறக்க ஒரு வாரம் இருக்கும்போது உள்ளே போய் நின்றால், ஒவ்வொரு பொருளும் நன்றாக இருக்கிறது, ஆனால் எல்லாம் சேர்ந்து ஏதோ கோணலாகத் தெரிகிறது. வரைபடம் போட்டவன் நான். அதனால் எங்கே தப்பியது என்று தேட வேண்டியவனும் நானே.

பூத்தில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதுதான் நகராது. ஸ்டூலை நாளைக்கு நகர்த்தலாம், விளக்கையும் ஓரளவு நகர்த்தலாம். ஆணியடித்து மெத்தை கட்டிய பூத்தை நகர்த்துவது என்றால் உடைப்பதுதான்.

சுவரின் நீளம் 7000 மி.மீ. ஒரு பூத்தில் எதிரெதிரே இரண்டு இருக்கை. ஒவ்வொரு இருக்கையும் 450 ஆழம், இரண்டின் முன்விளிம்புகளுக்கு நடுவே 600. மேசை 700 அகலம், அதாவது இருபுறமும் இருக்கைக்கு மேல் 50 நீட்டிக்கொண்டு நிற்கும். அப்போதுதான் குனியாமல் சாப்பிடலாம். ஆக 450, 600, 450 சேர்ந்தால் 1500. அப்புறம் முதுகுச் சாய்வு. இங்கேதான் பலரும் மரச்சட்டத்தின் தடிமனான 50ஐ மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தச் சட்டத்தின் இரு முகத்திலும் 50, 50 என்று பஞ்சு வரும். முடிந்தபின் நடுச் சாய்வு 150 தடிமன். பஞ்சைக் கணக்கில் எடுக்காவிட்டால் அந்த 100 மி.மீ. இருக்கை ஆழத்திலிருந்துதான் போகும். வாடிக்கையாளர் பலகையின் நுனியில் உட்கார்ந்த மாதிரி இருப்பார்.

இன்னொரு தவறு எண்ணிக்கையில் வரும். நான்கு பூத் என்றால் சாய்வு நான்கு அல்ல, ஐந்து. நடுவில் மூன்று, இரு முனையிலும் ஒவ்வொன்று. முனைச் சாய்வில் பஞ்சு ஒரு பக்கம் மட்டும், எனவே 100 தடிமன். கணக்கைக் கூட்டினால் நான்கு 1500கள் 6000, மூன்று 150கள் 450, இரண்டு 100கள் 200. மொத்தம் 6650. சுவரில் 350 மிச்சம்.

அந்த 350ஐ என்ன செய்வது? தச்சர் நல்ல மனதோடு கடைசி பூத்தை அகலமாக்கிவிடலாம் என்றார். கூடாது. மூன்று ஒரே மாதிரி, நான்காவது மட்டும் பெருத்திருந்தால் கண் நேராக அங்கேதான் போகும். சமையலறை முனையில் மொத்த மிச்சத்தையும் விட்டு, தண்ணீர்க் குவளையும் கரண்டியும் வைக்க ஒரு சிறு அலமாரி செய்தோம். மிச்சத்தை ஒரே இடத்தில், ஒரு வேலை கொடுத்து வைத்துவிட்டால் யாரும் அதை மிச்சமாகப் பார்ப்பதில்லை.

இதுவரை சரி. தவறு மேலே நடந்திருந்தது. பூத் வருவதற்கு முன்பே வயர்மேன் கூரையில் புள்ளி போட வேண்டியிருந்தது. பூத்துக்கு ஒரு விளக்கு, நான்கு விளக்கு. அவர் 7000ஐ நான்கால் வகுத்தார், 1750 வந்தது. முதல் புள்ளி 875, பிறகு 2625, 4375, 6125. விளக்குகளை மட்டும் பார்த்தால் சம இடைவெளி, அப்பழுக்கில்லை. ஆனால் மேசைகளின் மையம் எங்கே? முனைச் சாய்வு 100, அதோடு பாதி பூத் 750, ஆக முதல் மையம் 850. அங்கிருந்து 1650 வீதம் 2500, 4150, 5800. முதல் விளக்கு 25 மி.மீ. தள்ளியிருந்தது, யாருக்கும் தெரியாது. இரண்டாவது 125, மூன்றாவது 225, நான்காவது 325. நான்காவது பூத்தில் இருக்கையின் முன்விளிம்பு மையத்திலிருந்து 300இல் இருக்கிறது. அப்படியென்றால் விளக்கு மேசையின் நடுவில் இல்லை, அதன் ஓரத்தில், உட்காருகிறவர் தொடைக்கு மேல். எழுந்தால் தலையில் இடிக்கும்.

கோளாறு முன்வாசல் பக்கம் தெரியாமல், உள்ளே போகப் போகப் பெரிதாகிக்கொண்டே போகும். அதுதான் இதன் அடையாளம். ஒரு வரிசை முதலில் சரியாகவும் கடைசியில் தப்பாகவும் இருந்தால், இரண்டு வரிசைகள் வெவ்வேறு அளவுகோலில் நடக்கின்றன என்று அர்த்தம். விளக்கின் இடைவெளியை அறையின் நீளத்திலிருந்து எடுக்கவே கூடாது. மேசையின் மையத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். வயர்மேனைக் குறை சொல்லவும் முடியாது. நான் கொடுத்த கூரை வரைபடத்தில் பூத் இல்லை, வெறும் சுவர்கள்தான் இருந்தன. இப்போதெல்லாம் கூரை வரைபடத்தில் மேசைகளைப் புள்ளிக்கோட்டில் போடாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

திருத்துவதற்குக் கூரையை உடைக்கவில்லை. சுவருக்கு இணையாக ஒரு டிராக் பொருத்தி, விளக்குகளை 850, 2500, 4150, 5800க்கு நகர்த்தினோம். வயரை வளைத்துக் கொக்கியில் மாட்டுவது இன்னும் மலிவு. ஆனால் நான்கு விளக்குக்கும் நான்கு விதமான வளைவு வந்தால் அது வேறொரு அசிங்கம்.

அளக்கும்போது இன்னொன்று. எல்லாப் புள்ளிகளையும் ஒரே பூஜ்ஜியத்திலிருந்து அளக்க வேண்டும். முந்தைய புள்ளியிலிருந்து அடுத்தது என்று டேப்பை நகர்த்திக்கொண்டே போனால், ஒவ்வொரு தடவையும் 5 மி.மீ. பிசகினாலும் ஆறாவது இடைவெளியில் 30 மி.மீ. ஆகிவிடும். அந்தப் பூஜ்ஜியத்தைப் பழைய கடைவீட்டின் சுவரில் வைக்காதீர்கள். இந்த ஊர்க் கடைவீடுகளில் எதிரெதிர்ச் சுவர்கள் இணையாக இருந்தால் அது அதிர்ஷ்டம். கடைக்கு முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதைப் பக்கம் ஓர் அகலம், பின்பக்கம் வேறோர் அகலம் இருக்கும். தரையில் ஒரு சுண்ணக்கோடு போட்டு, பூத்தின் முகம், கவுண்டரின் முகம் இரண்டையும் அந்தக் கோட்டிலிருந்து எடுங்கள். சுவரின் கோணல் பூத்தின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அந்த முதுகுக்கும் சுவருக்கும் நடுவே கொஞ்சம் காற்று போக இடம் விடுங்கள். சுண்ணாம்புச் சாந்து பூசிய பழைய சுவரில் ஈரம் ஏறும், மெத்தையை ஒட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

இனி ஸ்டூல். கவுண்டர் 4800 நீளம். உள்ளே போக வரத் தூக்கும் பலகைக்கு 600, பணம் வாங்கும் இடத்துக்கு 600. மிச்சம் 3600இல்தான் ஆட்கள் உட்கார முடியும். முதலாளிக்கு ஆறு ஸ்டூல் வேண்டும். ஒருவருக்கு 600 வரும், ஸ்டூலின் அகலம் 420, நடுவே 180. உட்கார்ந்துவிடலாம், ஆனால் ஏறி இறங்கப் பக்கத்து ஆளைத் தொட வேண்டும். ஐந்து என்றால் ஒருவருக்கு 720, நடுவே 300. ஐந்துக்குச் சம்மதிக்க வைத்தேன்.

ஐந்து ஸ்டூலை எப்படி வைப்பது என்பதில் கடைப் பையன்கள் செய்தது இது: முதலாவதை ஒரு முனையில் ஒட்டி, ஐந்தாவதை மறு முனையில் ஒட்டி, நடுவில் மூன்றைச் சமமாக நிரப்பினார்கள். இடைவெளி சமம்தான். ஆனால் முனையில் இருப்பவருக்கு ஒரு முழங்கைக்கு இடமில்லை. 3600ஐ ஐந்து பங்காக்கி, ஒவ்வொரு பங்கின் நடுவில் ஒரு ஸ்டூல் என்பதே முறை. முதல் மையம் 360, பிறகு 1080, 1800, 2520, 3240. முனையில் பாதி இடைவெளி வரும், அது தவறு அல்ல.

படம் வரையும்போதும் இதே எண்ணிக்கைப் பிசகுதான். SketchUp-இல் முதல் ஸ்டூலை ஒரு component ஆக்கி, Move கருவியில் Ctrl அழுத்தி, 2880 தள்ளி ஒரு பிரதி எடுத்த பிறகு இதைத் தட்டச்சு செய்யுங்கள்:

```
/4
```

ஐந்து ஸ்டூல், நான்கு இடைவெளி. `/5` போட்டால் ஆறு ஸ்டூல் நிற்கும். component ஆக்காமல் தனித்தனியாக நகலெடுத்தவர்களுக்கு வேறு தலைவலி: முதலாளி கால் நிறத்தை மாற்றச் சொன்னதும் நான்கு மாறும், ஒன்று பழையபடியே நிற்கும். அந்தப் படத்தைப் பார்த்துக் கடைக்காரர் இரண்டு வகை ஸ்டூலுக்கு விலை போட்டதையும் பார்த்திருக்கிறேன்.

சரி, அளந்து வைத்தாயிற்று. அப்படியும் முதலாளியின் மகள் வந்து, "அண்ணே, மூணாவது ஸ்டூல் தள்ளி நிக்குது" என்றாள். டேப் வைத்துக் காட்டினேன், 720தான். அவள் சொன்னது பொய்யில்லை. தரையில் 200 மி.மீ. பூப்போட்ட சிமெண்ட் ஓடுகள். 720 அதில் சரியாக வகுபடாது. ஒரு ஸ்டூலின் கால் பூவின் நடுவில் விழும், இன்னொன்று கோட்டின் மேல், மூன்றாவது இரண்டுக்கும் இடையில். கண் டேப்பைப் பார்ப்பதில்லை, ஓட்டுக் கோட்டைத்தான் பார்க்கிறது. 800 என்று வைத்தால் நான்கு ஓட்டுக்கு ஒரு ஸ்டூல் அழகாக உட்காரும், ஆனால் ஒரு இருக்கை குறையும். முதலாளி அதற்கு ஒத்துக்கொள்வாரா? கவுண்டரின் அடியில் 600 அகலத்துக்குப் பூ ஓட்டை எடுத்துவிட்டு வெற்றுச் சிமெண்ட் போட்டோம். மூன்றாவது ஸ்டூல் அன்றே "நேராகிவிட்டது". ஒவ்வொரு மையத்திலும் ஒரு பித்தளைப் பொட்டும் பதித்தோம், இரவு கூட்டித் துடைத்த பிறகு பையன்கள் ஸ்டூலைத் திரும்ப வைக்க.

கவுண்டருக்கு மேல் ஐந்து விளக்கு போடப் பணமில்லை, மூன்றுதான். மூன்றையும் 3600இல் மூன்று பங்காக்கினால் 600, 1800, 3000. நடு விளக்கு மட்டும் ஸ்டூலுக்கு நேராக, மற்ற இரண்டும் எதற்கும் நேரில்லாமல் நிற்கும். 360, 1800, 3240 என்று வைத்தால் ஒன்று, மூன்று, ஐந்து ஸ்டூல்களுக்கு நேராக வந்துவிடும்.

உயரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பூத்தில் மேசையிலிருந்து 700 மேலே விளக்கின் அடி. கவுண்டர் 1050, ஸ்டூல் 750, விளக்கின் அடி தரையிலிருந்து 1800. நடைவழியில் 2100க்குக் கீழே எதுவும் தொங்கக் கூடாது. அடுக்கடுக்காக விளக்கு வேண்டும் என்றால் அடுக்குகளுக்குள் 300 மி.மீ.யாவது வித்தியாசம் காட்டுங்கள். 50 மட்டும் காட்டினால் மாட்டியவர் அளக்கத் தெரியாதவர் என்றுதான் நினைப்பார்கள்.

இங்கே காற்றாடி இல்லாமல் கடை இல்லை, அதையும் பாருங்கள். விளக்கு இறக்கைக்கு மேலே இருந்தால் சோற்றின் மேல் நிழல் வெட்டி வெட்டி ஓடும், தலை வலிக்கும். இறக்கை சுற்றும் வட்டத்துக்கு வெளியே, இறக்கைக்குக் கீழே விளக்கு இருக்கட்டும். வாசல் பக்கத்து விளக்குகளுக்கு வயர் வேண்டாம், கம்பித் தண்டு போடுங்கள். கடல் காற்றில் நான்கும் நான்கு திசையில் ஆடினால் 850, 2500 என்று நாம் அளந்ததெல்லாம் வீண்.

கடைசியாக, ஸ்டூல் வாங்கும்போது ஐந்துக்கு ஏழு வாங்குங்கள், ஒரே ஆர்டரில். ஆறு மாதம் கழித்து ஒன்று உடைந்து, அதே கடையில் அதே பெயரில் வாங்கினாலும் மரச்சாயம் ஒரு பொட்டு சிவந்திருக்கும், உயரம் 10 மி.மீ. மாறியிருக்கும். அந்த முதலாளி இரண்டு உபரி ஸ்டூலுக்கு முணுமுணுத்தார். இப்போது ஒன்று பரணில் இருக்கிறது, இன்னொன்று நான்காவது இடத்தில் நிற்கிறது.